ஓட்ஸ் கஞ்சி: கிண்ணம் ஒன்று, கணக்கு இரண்டு

"ஓட்ஸ் சாப்பிட்டால் உடம்பு இளைக்குமா, ஊறுமா?" என்று என் வயதுக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்பதுதான் என் கட்சி. ஓட்ஸ் மட்டும் என்றால் அது ஒரு சாதாரண தானியம், அவ்வளவுதான். அதைத் தண்ணீரில் வேக வைத்தீர்களா, பாலிலா, எந்தப் பாலில், மேலே எந்த வாழைப்பழம், எத்தனை கரண்டி தேன் என்று சொன்னால்தான் கணக்கு முடியும். ஒரே பெயரில் விழுப்புரத்தில் ஒரு வீட்டிலும் திண்டிவனத்தில் ஒரு வீட்டிலும் காலை வேளையில் வைக்கப்படுகிற இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே ஆறு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. இரண்டையும் நான் நிறுத்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

முதலில் கலோரி என்கிற சொல்லைப் பற்றி இரண்டு வரி. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இது சாப்பாட்டுப் பாடத்தில் வரவில்லை, பௌதிகப் பாடத்தில் வந்தது. 1820-களில் பாரிஸில் பாடம் நடத்திய நிக்கோலா கிளேமான் என்பவர் நீராவி இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்திய அளவு இது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. அடுப்புக்கும் இயந்திரத்துக்கும் வைத்த அளவைப் பிறகு மனித வயிற்றுக்கும் வைத்தார்கள். இன்று பாக்கெட்டில் kcal என்று போட்டிருப்பது இந்தப் பெரிய கலோரிதான். நாம் வாய்வழக்கில் கலோரி என்பதும் இதைத்தான்.

பாண்டிச்சேரி உறவு உள்ள வீடுகளில் இன்னொரு குழப்பம் நடக்கும். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் ஓட்ஸ் பாக்கெட் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதன் முதுகில் முதல் எண்ணாக ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கும். "அடேயப்பா, நூறு கிராமில் ஆயிரத்து ஐந்நூறு கலோரியா!" என்று பயந்து அதை அப்படியே வேலைக்காரம்மாவிடம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அது kJ, அதாவது கிலோ ஜூல். அதை ஏறக்குறைய 4.2-ஆல் வகுத்தால் நம் கலோரி வரும். பக்கத்திலேயே kcal என்று சிறிய எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த நாட்டு ஓட்ஸும் நம் கடை ஓட்ஸும் ஒன்றுதான். வேகாத ஓட்ஸ் 100 கிராமுக்குச் சுமார் 380 கலோரி.

இந்த "வேகாத" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிற பட்டியல்கள் சிலவற்றில் ஓட்ஸ் 100 கிராமுக்கு 380 என்று இருக்கும். வேறு சிலவற்றில் 70 என்று இருக்கும். இரண்டும் சரி. முதலாவது உலர்ந்த ஓட்ஸ், இரண்டாவது தண்ணீரில் வெந்த கஞ்சி. 40 கிராம் ஓட்ஸை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் அது 220, 230 கிராம் கஞ்சியாக ஊதிவிடும். எடை கூடியது, கலோரி கூடவில்லை. உள்ளே இருப்பது அதே 150 கலோரிதான். கஞ்சியின் எடையை உலர்ந்த கணக்கில் பெருக்கினால் எண்ணூறுக்கும் மேல் வந்து தலை சுற்றும். உலர்ந்த ஓட்ஸின் எடையைக் கஞ்சிக் கணக்கில் பெருக்கினால் முப்பது கலோரி கூட வராது, ஆளே பறந்துவிடுவார். ஆகவே எப்போதும் அடுப்பில் வைப்பதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். வெந்த பிறகு அளப்பது வீண் வேலை.

அளக்கத் தராசு வேண்டும் என்பதில்லை. 200 மில்லி டம்ளரில், குலுக்காமல் தட்டாமல், பாதிக்குச் சற்று மேலே நிரப்பினால் ஏறக்குறைய 40 கிராம். பிராண்டுக்குப் பிராண்டு சின்ன மாற்றம் இருக்கும். ஒரே ஒரு தடவை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து, டம்ளரில் எந்த மட்டம் வரை வருகிறது என்று ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் போதும்.

இனி பால். தண்ணீருக்குக் கலோரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பாலுக்கு எவ்வளவு என்று கேட்டால், எந்தப் பால் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பாக்கெட்டில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள்: கொழுப்பு இத்தனை சதவீதம், கொழுப்பு அல்லாத திடப்பொருள் இத்தனை சதவீதம். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3, மற்ற திடப்பொருள் 8.5. ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6, மற்றது 9. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் கலோரியை நாமே போட்டுவிடலாம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. மற்ற திடப்பொருள் என்பது பெரும்பாலும் பால் சர்க்கரையும் புரதமும். அதற்கு ஒரு கிராமுக்கு 4-க்குச் சற்றுக் குறைவு. நீலப் பால் 100 மில்லிக்குக் கொழுப்பில் 27, மற்றதில் 32, ஆக 59 கலோரி. ஆரஞ்சுப் பாலில் கொழுப்பில் 54, மற்றதில் 34, ஆக 88. நிறம் மாறினால் முப்பது கலோரி போகிறது. ஒரு டம்ளருக்கு அறுபது.

தெருவில் கறந்து கொண்டுவந்து ஊற்றுகிற பாலில் இந்தக் கணக்கு நிற்காது. பசும்பால் 70-க்கு முன்னே பின்னே இருக்கும். எருமைப்பால் நூறைத் தாண்டும். பால்காரர் எவ்வளவு தண்ணீர் சேர்த்தார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். இன்னொன்று, சுண்டக் காய்ச்சுவது. கால் லிட்டர் பால் 200 மில்லியாகச் சுண்டினால் போனது வெறும் தண்ணீர். கலோரி முழுக்கப் பாத்திரத்திலேயே இருக்கிறது. "ஒரு டம்ளர்தான் ஊற்றினேன்" என்பவர் உண்மையில் ஒன்றேகால் டம்ளர் ஊற்றியிருக்கிறார்.

இப்போது விழுப்புரத்துக் கிண்ணத்துக்கு வருகிறேன். நண்பருக்கு வயது எழுபத்து மூன்று. சர்க்கரை உண்டு, எடையும் அதிகம். டாக்டர் "காலையில் ஓட்ஸ் மாதிரி ஏதாவது எடுத்துக்குங்க" என்று சொன்ன நாள் முதல் இட்லியை விட்டுவிட்டு ஓட்ஸுக்கு மாறிவிட்டார். மூன்று மாதம் கழித்து எடை குறையவில்லை, கூடியிருந்தது. "ஓட்ஸ் எல்லாம் ஏமாத்து வேலைப்பா" என்றார். மருமகளிடம் கேட்டு, அவர் வழக்கமாகப் போடுகிறபடியே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னேன். பில்லைப் பாஸ் பண்ணுவதற்கு முன் ஒவ்வொரு இனமாகப் பார்ப்பது பழைய தொழில் பழக்கம்.

ஓட்ஸ் 60 கிராம், அதில் 228 கலோரி. ஆரஞ்சுப் பால் கால் லிட்டர், 220. பெரிய பச்சை வாழைப்பழம் ஒன்று, தோல் உரித்து 120 கிராம், சுமார் 110. தேன் இரண்டு பெரிய கரண்டி, 128. கூட்டினால் 686. ஓர் இட்லிக்கு ஐம்பது, அறுபது கலோரி என்று வைத்தால், இது பன்னிரண்டு இட்லிக்குச் சமம். முன்பு அவர் சாப்பிட்டது நான்கு இட்லி, கொஞ்சம் சட்னி. இதில் பரிதாபம் என்னவென்றால், கஞ்சி பத்தியச் சாப்பாடு என்ற எண்ணத்தில் பத்தரை மணிக்கு இரண்டு இட்லி தனியாக வேறு நடந்துகொண்டிருந்தது.

அந்த 686-ல் ஓட்ஸின் பங்கு மூன்றில் ஒன்றுதான். மீதி மூன்றில் இரண்டு பங்கு "மேலே போட்டது". பழி மட்டும் ஓட்ஸ் மேலே.

தேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வயதுக்காரர்கள் தேனை இனிப்புப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. அது மருந்து, அனுபானம், பெரியவர்கள் கொடுத்தது என்று ஒரு மரியாதை. மரியாதை இருக்கட்டும். எடைக்கு எடை பார்த்தால் சர்க்கரையை விடத் தேனில் கலோரி குறைவுதான், ஏனென்றால் அதில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. சர்க்கரை 100 கிராமுக்கு 400-ஐ ஒட்டி, தேன் 300-ஐ ஒட்டி. ஆனால் நாம் தேனை எடையில் போடுவதில்லை, கரண்டியில் போடுகிறோம். தேன் கனமான திரவம். ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம் நிற்கும். அதே டீஸ்பூனில் தலை தட்டிய சர்க்கரை 4 கிராம்தான். ஆகவே கரண்டிக்குக் கரண்டி தேன் 21 கலோரி, சர்க்கரை 16. சாப்பாட்டுக் கரண்டி என்றால் தேன் 64. பாட்டிலைச் சாய்த்து வட்டமாக ஊற்றுகிறவர்கள் எத்தனை கரண்டி ஊற்றினோம் என்று ஒருநாள் கரண்டியில் பிடித்துப் பார்க்கட்டும். உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்கிற சர்க்கரைப் பட்டியலில் தேனையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சர்க்கரை நோயாளியின் ரத்தத்துக்கு இது மலைத்தேனா, கடைத்தேனா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

வாழைப்பழம் தேன் மாதிரி இல்லை. அதில் நார் இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, வயிறு நிறையும். ஆனால் "ஒரு பழம்" என்பது அளவே அல்ல. நம் சந்தையில் ஏலக்கியும் ஒரு பழம், பச்சையும் ஒரு பழம், நேந்திரமும் ஒரு பழம். உரித்த ஏலக்கி 45 கிராம் இருக்கும், அதில் 45 கலோரி. பூவன் அறுபதை ஒட்டி. பெரிய பச்சைப் பழம் 110. உரித்த சதை ஒரு கிராமுக்குச் சற்றேறக்குறைய ஒரு கலோரி என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். நேந்திரம் மட்டும் இதற்குக் கொஞ்சம் மேலே போகும். பழம் கனியக் கனியக் கலோரி பெரிதாக மாறுவதில்லை. உள்ளே இருக்கும் மாவு இனிப்பாக மாறுகிறது, அவ்வளவே. ஆனால் புள்ளி விழுந்த பழம் ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாக வாழைப்பழத்தையே டாக்டரைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

நண்பருக்கு மாற்றி எழுதிக் கொடுத்த சீட்டு இது. ஓட்ஸ் 40 கிராம், 152. நீலப் பால் 100 மில்லி, அதோடு தண்ணீர் 150 மில்லி, 59. ஏலக்கிப் பழம் ஒன்று, 45. தேன் இல்லை, வாசனைக்கு ஒரு சிட்டிகை ஏலப்பொடி. மொத்தம் 256. முன்னதற்கும் இதற்கும் 430 கலோரி வித்தியாசம். அதில் ஓட்ஸைக் குறைத்ததால் போனது 76 மட்டுமே. பாலில் 161, தேனில் 128, பழத்தில் 65. மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர்கள் இப்படித் திடீரென்று காலை உணவைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். அதனால் அவர் இந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் எல்லோருக்கும் தண்ணீர்க் கஞ்சியே உத்தமம்" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. அவர்களுக்காகத்தான் திண்டிவனத்துக் கிண்ணம்.

அங்கே எனக்கு ஒரு அக்கா முறை. வயது எழுபத்தெட்டு, எடை 41 கிலோ. சர்க்கரை இல்லை, சிறுநீரகமும் சரியாக இருக்கிறது. கொஞ்சம் கொலஸ்ட்ரால் இருந்ததாக எப்போதோ ஒரு ரிப்போர்ட் வந்ததாம். அது முதல் 30 கிராம் ஓட்ஸ், தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. "எனக்கு இது போதும்டா தம்பி, லேசா இருக்குது" என்கிறார்கள். லேசாகத்தான் இருக்கும். மொத்தம் 114 கலோரி, புரதம் 4 கிராம் கூட வராது. மதியம் இரண்டு கரண்டி ரசம் சாதம், ராத்திரி ஒரு தோசை. ஜாக்கெட் தோளில் நிற்காமல் சரிகிறது, மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டியிருக்கிறது. நம் நாட்டு ஊட்டச்சத்துக் கணக்குப்படி ஒருவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும். அவர்களுக்கு 34 கிராம். காலையில் நான்கு கூட இல்லை என்றால் மீதி முப்பதை ரசம் சாதமா கொண்டுவரும்?

கொலஸ்ட்ராலுக்கு ஓட்ஸ் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. அதில் பீட்டா குளுகான் என்று கொழகொழப்பான ஒரு நார் இருக்கிறது. கஞ்சி ஆறும்போது பசை மாதிரி இறுகுவது அதனால்தான். தினமும் 3 கிராம் அந்த நார் உள்ளே போனால் கொலஸ்ட்ரால் சிறிது இறங்கும் என்று 1997-ல் அமெரிக்க உணவு மருந்துத் துறை பாக்கெட்டில் போட அனுமதி கொடுத்தது. ஆனால் 40 கிராம் ஓட்ஸில் இருப்பது ஒன்றரை கிராம் சுமார்தான், 30 கிராமில் இன்னும் குறைவு. அந்த நார் தண்ணீரில் வெந்தாலும் இருக்கும், பாலில் வெந்தாலும் இருக்கும். அதற்காகப் பாலைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

அக்காவுக்கு நான் சொன்னது இது. அதே 30 கிராம் ஓட்ஸ், 114. அளவைக் கூட்டினால் சாப்பிட மாட்டார்கள். ஆரஞ்சுப் பால் ஒரு டம்ளர், 176. பூவன் பழம் ஒன்று, 60. திண்டிவனம் என்றாலே மல்லாட்டைதானே, வறுத்துப் பொடித்த மல்லாட்டை ஒரு பெரிய கரண்டி, 10 கிராம், 57. மொத்தம் 407 கலோரி, புரதம் 13 கிராம். கிண்ணத்தின் அளவு அதிகம் பெருக்கவில்லை, உள்ளே இருப்பது மூன்றரை மடங்கு ஆயிற்று. ஒரு டீஸ்பூன் தேன் வேண்டுமென்றால் அவர்கள் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. கொழுப்புப் பால் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னால் நீலப் பாலுக்கு மாறலாம். அறுபது கலோரி குறையும், புரதம் குறையாது.

செய்முறையில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பாலில் நேரே ஓட்ஸைப் போட்டால் அடி பிடிக்கும், பொங்கும், அடுப்பங்கரையில் திட்டு விழும். முதலில் ஓட்ஸைத் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் வேக வையுங்கள். வெந்த பிறகு காய்ச்சிய பாலை அளந்து ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். எவ்வளவு பால் போயிற்று என்பதும் தெளிவாகத் தெரியும். இரண்டாவது, கஞ்சி ஆறி இறுகியதும் "கொஞ்சம் பால் ஊத்தும்மா" என்று ஒரு குரல் வரும். அந்தப் பால் எந்தக் கணக்கிலும் ஏறாது. எடை குறைக்க வேண்டியவர்கள் அங்கே வெந்நீர் ஊற்றிக் கலக்கிக்கொள்ளலாம். எடை ஏற வேண்டியவர்கள் தாராளமாகப் பாலே ஊற்றலாம்.

வாங்கும்போதும் ஒரு வார்த்தை. உடனடி ஓட்ஸ், சாதாரண ஓட்ஸ், உடைத்த ஓட்ஸ் எல்லாவற்றிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பொடியாக நசுக்கிய உடனடி ரகம் ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். சர்க்கரை உள்ளவர்கள் தடித்த ரகமாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ஓட்ஸ்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலில் கேழ்வரகு 100 கிராமுக்குச் சுமார் 320 கலோரி, கம்பு 350. ஓட்ஸை விடக் குறைவுதான், கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தோ பல மடங்கு. ஆனால் நான் பார்த்த வரையில் கேழ்வரகுக் கூழுக்கு யாரும் தேன் ஊற்றுவதில்லை, ஆரஞ்சுப் பால் கால் லிட்டர் கொட்டுவதில்லை. மோரும் வெங்காயமும்தான். கூழ் குடித்த நம் பெரியவர்கள் ஒல்லியாக இருந்ததற்குத் தானியத்தின் மகிமை பாதி, மேலே ஒன்றும் போடாதது பாதி.

ஆகவே என் கருத்து இதுதான். "ஓட்ஸ் சாப்பிடுங்கள்" என்பது அரைகுறை மருந்துச் சீட்டு. எடை கூடியவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் தண்ணீர் அதிகமாக, பால் அளவாக, சின்னப் பழம், தேன் வேண்டாம். மெலிந்து கொண்டே போகிற முதியவருக்குப் பால் முழுசாக, பழம், மல்லாட்டை. டாக்டர் ஓட்ஸ் என்று எழுதினால், "பாலிலா தண்ணீரிலா, மேலே என்ன போடலாம்?" என்று அங்கேயே நின்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பால் பாக்கெட்டின் நிறத்தைப் பாருங்கள்.